போதிகையைப் பார்த்துக் காலம் சொல்ல: கோயிற்கலைக்கு ஃபிளாஷ் கார்டும் வினாடி வினாவும்

தமிழகக் கோயிற்கலையை, மகேந்திரவர்மனின் குடைவரையிலிருந்து திருமலை நாயக்கரின் மண்டபம் வரை, படிக்கிற மாணவர்களுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கிறவர்களுக்குமான கேள்வி பதில்கள் இவை.

பல்லவர், சோழர், நாயக்கர் என்று ஒவ்வொன்றின் சிறப்பையும் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்தாயிற்று. ஆனால் புதுக் கோயில் படத்தைக் காட்டினால் ஒன்றும் தோன்றவில்லை. ஏன்?

அட்டையின் முன்பக்கம் "சோழர் கலை" என்றும் பின்பக்கம் ஐந்து சிறப்புகளும் இருந்தால், பெயரைக் கேட்டால் பட்டியல் வரும். தேர்வில் நடப்பது நேர் எதிரானது. படம் முதலில் வருகிறது, பெயரை நீங்கள் சொல்ல வேண்டும். எந்தத் திசையில் பழகினீர்களோ அந்தத் திசையில்தான் நினைவு எளிதாக ஓடும். அதனால் அட்டைகளில் பாதிக்கு மேல் படத்தில் தொடங்கிப் பெயரில் முடிய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. "பிரம்மாண்டமானது", "நுணுக்கமான வேலைப்பாடு கொண்டது" போன்ற சொற்கள் தஞ்சைக்கும் பொருந்தும், மதுரைக்கும் பொருந்தும். பிரித்துக் காட்டாத சொல்லை அட்டையில் எழுதுவது வீண் உழைப்பு. கண்ணால் பார்த்து உண்டு அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய உறுப்பையே எழுதுங்கள்.

அப்படி உறுதியாகப் பிரித்துக் காட்டுகிற உறுப்பு எது?

தொடக்கத்துக்குப் போதிகையே போதும். தூணின் தலைக்கு மேல், உத்திரத்தைத் தாங்க இருபுறமும் நீளும் கல் அது. பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1914ஆம் ஆண்டிலேயே இதன் வடிவ மாற்றத்தைக் கொண்டு தென்னிந்தியக் கோயில்களின் காலத்தை வரிசைப்படுத்திக் காட்டினார்.

பல்லவர் போதிகையின் முனை வளைந்து கீழிறங்கும். பல இடங்களில் அந்த வளைவின்மேல் அலை அலையாக உருளைகள் இருக்கும், நடுவில் ஒரு பட்டை ஓடும். இதற்குத் தரங்கப் போதிகை என்று பெயர். சோழர் காலத்தில் வளைவு போய், முனை கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டப்படுகிறது. வெட்டின் நடுவில் ஒரு சிறு கட்டை முன்னால் துருத்தி நிற்கும். இது வெட்டுப் போதிகை. பிற்காலச் சோழர் வேலைகளில் அந்தத் துருத்தல் மெல்லப் பூவின் சாயலை ஏற்கத் தொடங்குகிறது. விசயநகரக் காலத்தில் அது கீழ்நோக்கித் தொங்கும் மொட்டாகிறது. நாயக்கர் காலத்தில் அந்த மொட்டு நீண்டு, இதழ் விரிந்து, கிட்டத்தட்ட வாழைப்பூவைப்போல் தொங்கும்.

வளைவு, வெட்டு, மொட்டு, வாழைப்பூ. இந்த வரிசை முதல் நாளே மனத்தில் பதியட்டும். மற்ற அடையாளங்களை இதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது உறுப்பாகக் கூட்டை எடுங்கள். கூரையின் வளைந்த விளிம்பான கொடுங்கையின்மேல் குதிரை லாடம்போல் வரிசையாக இருக்கும் வளைவு அது. பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடுபோல் தட்டையாக இருக்கும். சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் அமர்ந்திருக்கும். போதிகை தெரியாத படத்திலும் கொடுங்கை தெரிந்தால் இது கைகொடுக்கும்.

ஒரு அட்டை எப்படி இருக்க வேண்டும் என்று மாதிரி காட்ட முடியுமா?

ஏ4 அளவு தடித்த தாளை நான்காக வெட்டினால் கையடக்கமான அட்டை கிடைக்கும். மெல்லிய தாளில் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிவதால் விடையும் தெரிந்துவிடும். சார்ட் பேப்பர் வேண்டாம். வரவேற்பு அட்டை அச்சிடும் தாள் நல்லது.

முன்பக்கம்: போதிகையின் நெருக்கப்படம் மட்டும். கீழே, "எந்தக் காலம்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

பின்பக்கம்: "சோழர், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம். முனை சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் சிறு கட்டை நீள்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம், 1010."

பின்பக்கத்தில் மூன்று வரிக்கு மேல் போகாதீர்கள். விமானத்தின் உயரம், கல்வெட்டுச் செய்தி, துவாரபாலகர் அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்தால், மூன்றைச் சொல்லி இரண்டை மறந்தபோது அந்த அட்டையைச் சரி என்று வைப்பதா, தவறு என்று வைப்பதா என்று தெரியாது. அந்தக் குழப்பத்தில் மாணவர் தனக்கே சலுகை கொடுத்துக்கொள்வார். ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி இருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

படமில்லாத அட்டைகளும் கொஞ்சம் வேண்டும். "செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் எடுத்த கோயில் என்று எந்தக் கல்வெட்டு சொல்கிறது?" என்று கேட்டு, பின்னால் "மண்டகப்பட்டு. விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரில் மகேந்திரவர்மன்" என்று எழுதலாம். இதே அட்டையைத் திருப்பிப் பிடித்து "விசித்திரசித்தன் யார்?" என்றும் கேட்கலாம்.

ஒரு பாணிக்கு ஒரு நல்ல படம் போதாதா?

போதாது. ஒரே படத்தை இருபது முறை பார்த்தவர் அந்தப் படத்தைத்தான் நினைவில் வைக்கிறார். மூலையில் நிற்கும் தென்னை மரத்தையோ காகிதத்தின் கறையையோ பார்த்து விடை சொல்லிவிடுவார், அது அவருக்கே தெரியாது. வேறு படத்தைக் காட்டும்போதுதான் குட்டு உடையும்.

ஒரு பாணிக்கு வெவ்வேறு கோயிலிலிருந்து நான்கு படங்கள் எடுங்கள். மகேந்திரன் பாணி, ராஜசிம்மன் பாணி, முற்காலச் சோழர், பிற்காலச் சோழர், விசயநகரம், நாயக்கர் என்று ஆறு பாணி வைத்தால் 24 பட அட்டை. சொல் அட்டை 12, ஆண்டு அட்டை 8. மொத்தம் 44. ஒரு பருவத்துக்கு இது தாராளம். இவற்றுக்கு வெளியே, பாணிக்கு இரண்டு வீதம் 12 படங்களை யாருக்கும் காட்டாமல் தனி உறையில் வையுங்கள். இறுதி வினாடி வினா அந்த உறையிலிருந்துதான் வர வேண்டும். பழகிய படத்தில் கிடைக்கும் முழு மதிப்பெண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை.

படம் தேர்ந்தெடுக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

கோயிலின் பெயரைப் பார்த்து காலத்தை ஒட்டுவதில். நம் கோயில்கள் ஒரே நாளில் எழுந்தவை அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் "1010" என்று எழுதி, முன்னால் பெரிய நந்தியின் படத்தை ஒட்டிய அட்டை எத்தனையோ வகுப்பறைகளில் உண்டு. அந்த நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. அதே வளாகத்துச் சுப்பிரமணியர் கோயிலும் நாயக்கர் வேலைதான், அதுவும் மிக நேர்த்தியானது. அந்தப் படத்தைச் சோழர் என்று பழகியவருக்கு நாயக்கர் பாணி முழுவதும் தலைகீழாகிவிடும். திருவரங்கத்தின் ராஜகோபுரத்தை வைத்தால் இன்னும் மோசம். இன்று நாம் காணும் வடிவில் அது நிறைவடைந்தது 1987இல்.

ஆகவே அட்டையின் பின்னால் கோயிலின் பெயரோடு எந்த உறுப்பு என்பதையும் எழுதுங்கள். "தஞ்சைப் பெரிய கோயில்" என்பதைவிட "தஞ்சைப் பெரிய கோயில், விமானத்தின் கீழ்த்தளம்" என்பதே சரி. காலம் ஐயமாக இருக்கும் உறுப்பின் படத்தைத் தொடக்கக் கட்டில் சேர்க்கவே வேண்டாம்.

சுண்ணாம்பு, வண்ணப்பூச்சு அடர்ந்த தூணையும் தவிர்த்துவிடுங்கள். பூச்சு பல அடுக்காகும்போது வெட்டின் கூர்மை மழுங்கி, வெட்டுப் போதிகை வளைவுபோலத் தெரியும். படம் பக்கவாட்டிலிருந்து, போதிகையின் கண்மட்டத்துக்கு முடிந்தவரை அருகில் எடுக்கப்பட்டதாக இருக்கட்டும். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் முனையின் கோணம் தெரியாது.

ஒரு பாணியை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதா, கலந்து படிப்பதா?

முதல் அறிமுகம் மட்டும் பாணிவாரியாக இருக்கட்டும். அதற்குப் பிறகு கலந்துவிடுங்கள்.

இதை ஓவியத்தை வைத்தே சோதித்திருக்கிறார்கள். நேட் கார்னெல், ராபர்ட் பிஜோர்க் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 12 ஓவியர்கள், ஆளுக்கு 6 ஓவியம். சிலரின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள், மற்றவர்களின் படங்களைக் கலந்து காட்டினார்கள். பிறகு, முன்பு பார்க்காத ஓவியத்தைக் காட்டி யார் வரைந்தது என்று கேட்டபோது, கலந்து பார்த்த ஓவியர்களையே கூடுதலாக அடையாளம் கண்டார்கள். ஆனால் படித்தவர்களில் பெரும்பாலோர் தொடர்ச்சியாகப் பார்த்ததே நன்றாக இருந்தது என்று நம்பினார்கள்.

மாணவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கலந்து படிக்கையில் தடுமாற்றம் அதிகம், தான் பின்தங்கிவிட்டதாகத் தோன்றும். அடுத்தடுத்து இரண்டு படம் வரும்போது "முன்னதில் வளைவு, இதில் வெட்டு" என்று வேறுபாடு கண்ணில் படுகிறது. நான்கு சோழர் போதிகையை வரிசையாகப் பார்க்கும்போது ஒற்றுமை மட்டுமே தெரியும், ஐந்தாவதும் சோழர்தான் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஆண்டுகள் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்ய?

எண்ணைத் தனியே மனப்பாடம் செய்தால் நிற்காது. அதற்கு ஓர் இடம் வேண்டும். ரிப்பன் அல்லது நாடா ஒன்றை 110 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். இடது முனை 600ஆம் ஆண்டு, 1 செ.மீ. என்றால் 10 ஆண்டு. அதில் ஐந்தே இடங்களைக் குறியுங்கள்.

மகேந்திரன் காலம் தொடக்கத்திலேயே, முதல் 3 செ.மீ.க்குள். காஞ்சி கைலாசநாதரை எடுத்த ராஜசிம்மன் சுமார் 10 செ.மீ.யில். தஞ்சை 1010, எனவே 41 செ.மீ. இரண்டாம் இராசராசனின் தாராசுரம், 1150ஐ ஒட்டி, 55 செ.மீ. திருமலை நாயக்கர் 1623இல் ஆட்சிக்கு வந்தார், 102 செ.மீ.க்குச் சற்றுத் தள்ளி.

நாடாவைச் சுவரில் ஒட்டியதும் ஒன்று கண்ணில் அறையும். மகேந்திரனிலிருந்து இராசராசன் வரை 41 செ.மீ., இராசராசனிலிருந்து திருமலை நாயக்கர் வரை 61 செ.மீ. மாணவர்கள் மனத்தில் சோழரும் நாயக்கரும் பக்கத்து வீட்டுக்காரர்கள், பல்லவர்தான் எங்கோ தொலைவில். ஆண்டுத் தவறுகளில் பெரும்பகுதி இந்தச் சுருங்கிய வரைபடத்திலிருந்து வருகிறது. நாடாவைப் பார்த்தபின் அது தானாக விலகும்.

ஆண்டு அட்டையைக் கேட்கும்போது எண்ணை மட்டும் வாங்காதீர்கள். ஒரு பட அட்டையைக் கொடுத்து நாடாவில் வைக்கச் சொல்லுங்கள். 5 செ.மீ.க்குள், அதாவது 50 ஆண்டுக்குள், வைத்தால் சரி. 1010 மட்டும் துல்லியமாக வேண்டும், ஏனென்றால் அது கல்வெட்டு சொல்லும் ஆண்டு: இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானக் கலசத்தைக் கொடுத்தான்.

புத்தகத்துக்குப் புத்தகம் ஆண்டு மாறுகிறதே, எதை எழுதுவது?

மகேந்திரன் ஆட்சிக்கு வந்த ஆண்டை ஒருவர் 580 என்பார், ஒருவர் 590, மற்றொருவர் 600. அட்டையில் ஆட்சி தொடங்கிய ஆண்டை விட்டுவிட்டு, அவன் குடைவரைகளின் காலத்தை "7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி" என்று எழுதுங்கள். தேர்வுக்குப் பாடநூல் ஓர் எண்ணைக் கொடுத்திருந்தால் அதை அடைப்புக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

மாமல்லபுரத்தில் கருத்து வேறுபாடு இன்னும் ஆழமானது. முதலாம் நரசிம்மனின் வேலை, பின்வந்தோரின் வேலை என்று பிரிப்பது வழக்கம். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியோ அங்குள்ளவை எல்லாம் ராஜசிம்மன் எடுத்தவை என்று வாதிட்டார். மேலே சொன்ன ஆறு பாணிகளில் மாமல்லபுரத்தைத் தனியாகச் சேர்க்காததற்கு இதுவே காரணம். அடிப்படை நிலைத்த பிறகு, அமர்ந்த சிங்கம் தாங்கும் தூண்களை அடையாளம் காண்பதற்கு ஒரு தனிக் கட்டு போட்டுக்கொள்ளலாம்.

வினாடி வினாவில் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதுமா?

குருட்டாம்போக்கில் குறித்தாலே 20க்கு 5 வரும். அதைவிடப் பெரிய சிக்கல், விடைகளை வைக்கும் விதம். "முகலாயர், குப்தர், சோழர், கோதிக்" என்று கொடுத்தால் படத்தைப் பார்க்காதவரும் சரியாகச் சொல்வார். நாடாவில் பக்கத்தில் இருப்பவர்களையே விடையாக வையுங்கள்: முற்காலச் சோழர், பிற்காலச் சோழர், விசயநகரம், நாயக்கர். அப்போதுதான் கண் போதிகைக்குப் போகும்.

இன்னும் நல்லது, விடை எதுவும் கொடுக்காமல் கேட்பது. கேள்விக்கு 2 மதிப்பெண்: பாணிக்கு 1, அதைக் காட்டிய உறுப்புக்கு 1. "நாயக்கர், ஏனென்றால் பெரிதாக இருக்கிறது" என்றால் 1தான். "நாயக்கர், போதிகையில் வாழைப்பூ தொங்குகிறது" என்றால் 2. பாணி தவறி, பார்த்த உறுப்பு சரியாக இருந்தாலும் 1 கொடுங்கள். அந்த மாணவர் பாதி வழி வந்துவிட்டார்.

10 படத்துக்கு 10 நிமிடம் போதும். விடையை அன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் சொன்னால், தவறான விடை அதற்குள் ஊறிப்போயிருக்கும்.

தினமும் எவ்வளவு நேரம், எந்த அட்டையை எப்போது திரும்பப் பார்ப்பது?

பத்து நிமிடம். ஒரு பழைய செருப்புப் பெட்டியில் ஐந்து தடுப்பு வைத்தால் போதும். ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது. புது அட்டை முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும், தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கு இறங்கும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை 2 நாளுக்கு ஒருமுறை, பிறகு 4, 8, 16 நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

நாளொன்றுக்கு 6 புது அட்டைக்கு மேல் சேர்க்காதீர்கள். முதல் நாளே 44ஐயும் போட்டவர்கள் நான்காம் நாள் பெட்டியை மூடிவிடுவார்கள். 6 வீதம் சேர்த்தால் எட்டு நாளில் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

அட்டையைத் திருப்பும் முன் விடையை வாய்விட்டுச் சொல்லவோ எழுதவோ வேண்டும். மனத்துக்குள் நினைத்துத் திருப்பினால், விடையைப் பார்த்ததும் "இது எனக்குத் தெரியுமே" என்று தோன்றும். தெரிந்ததும் அடையாளம் கண்டதும் ஒன்றல்ல.

ஃபோனிலேயே செய்யலாமா?

செய்யலாம். Anki செயலியில் `Image Occlusion` என்ற அட்டை வகை உண்டு. ஒரு முழுத் தூணின் படத்தை ஏற்றி, போதிகை, பலகை, குடம், நாகபந்தம் ஆகியவற்றின் பெயர்களை மறைத்தால் ஒரே படத்திலிருந்து நான்கு அட்டை உருவாகும். `Hide All, Guess One` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் ஒரு பெயர் மட்டும் மறைந்து மீதி தெரிவதால், கழித்துப் பார்த்தே விடை சொல்லிவிடலாம். `New cards/day` எண்ணை 6 ஆக்கிவிடுங்கள். உறுப்புப் பெயர்களுக்கு இது அருமை. பாணியை அடையாளம் காணப் பழகுவதற்குக் காகித அட்டையை மேசையில் பரப்பி ஒப்பிடுவதே மேல்.

வகுப்பில் மீண்டும் மீண்டும் அதே தவறு வருகிறது. எப்படிப் பிடிப்பது?

மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், எது எதுவாக மாறியது என்று பாருங்கள். ஒரு தாளில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, இடப்பக்கம் உண்மையான பாணி, மேலே மாணவர் சொன்ன பாணி என்று எழுதி, ஒவ்வொரு விடைக்கும் ஒரு கோடு போடுங்கள்.

30 பேர் வகுப்பில் நாயக்கர் போதிகைப் படம் ஒன்றுக்கு 18 பேர் நாயக்கர் என்றும் 11 பேர் விசயநகரம் என்றும் ஒருவர் சோழர் என்றும் சொன்னதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒருவருக்கு வெட்டும் மொட்டும் பிரியவில்லை, அவரோடு தனியே உட்கார வேண்டும். 11 பேரின் சிக்கல் வேறு. மொட்டைப் பார்த்துவிட்டார்கள், அளவை ஒப்பிடவில்லை. அவர்களுக்கு அதே அட்டையைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பயனில்லை. ஒரே அட்டையில் இரண்டு போதிகையையும் பக்கம் பக்கமாக ஒட்டி, "எது பிந்தியது?" என்று கேளுங்கள். இப்படி நான்கு இணை அட்டை செய்து ஒரு வாரம் சுழற்றினாலே அந்தக் கட்டத்தில் கோடுகள் குறையும்.

போதிகையை மட்டும் நம்பி எல்லாக் கோயிலுக்கும் காலம் சொல்லிவிடலாமா?

முடியாது, அதையும் ஒரு அட்டையாக எழுதி வையுங்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு என்ற பருத்த தூணைக் குடைவரையில் கண்டதும் மகேந்திரன் என்று சொல்லத் தோன்றும். பாண்டிய நாட்டுக் குடைவரைகளிலும் இதே அமைப்புத் தூண்கள் உண்டு. ஆகவே அந்த அட்டையின் பின்பக்கத்தில் ஊரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: தொண்டை நாடா, பாண்டிய நாடா?

புதிய வடிவம் வந்ததும் பழையது மறைந்துவிடுவதும் இல்லை. ஒரே கோயிலில் வளைவுப் போதிகையும் வெட்டுப் போதிகையும் அடுத்தடுத்து நிற்கலாம். புதுப்பித்தவர்கள் பழைய தூணை எடுத்துப் புது மண்டபத்தில் நட்டும் இருக்கலாம். அதனால் உயர்வகுப்புக்கான கட்டில் படத்தோடு மூன்று கேள்வி சேருங்கள்: போதிகை என்ன சொல்கிறது, கூடு என்ன சொல்கிறது, கல்வெட்டு இருந்தால் அது என்ன சொல்கிறது. மூன்றும் ஒத்துப்போனால் பாணியின் பெயரை எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் "பழைய கோயில், பிற்காலத் திருப்பணி" என்பதும் முழு மதிப்பெண் பெறும் விடைதான்.